அறுந்த வாக்கியம்

2023 செப்டம்பர் மாதக் கடைசியில், விடுமுறைக்கு ராயப்பன்பட்டியில் அம்மா வீட்டிற்குப் போயிருந்தேன். அந்தி சாய்ந்து, ஏலத்தோட்ட வேலைக்குக் கேரளாவுக்குப் போன ஜீப்புகள் மலை இறங்கி வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். பக்கத்து ஊராட்சி ஒன்றின் வார்டு உறுப்பினர். எனக்குத் தூரத்து உறவு, தங்கை முறை. பகலில் திராட்சைத் தோட்டத்தில் காய் வெட்டப் போகிறவள். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருந்தாள்.

“அக்கா, ரெண்டாந்தேதி கிராமசபை இருக்கு. போன தடவ பேசவே விடல. நீங்க மேடையில எல்லாம் பேசுறீங்க. எனக்கு என்ன பேசணும்னு தெரியும். அவுங்க கத்துனா என்ன சொல்லணும்னுதான் தெரியல. எழுதிக் குடுங்க.”

இருபது வருடங்களாகக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்கள் உண்டு. இரண்டையும் பலமுறை நடத்தியிருக்கிறேன். எத்தகைய அவையில் எப்படிப் பேசுவது, அஞ்சாமல் பேசுவது எப்படி என்று அவை சொல்கின்றன. ஆனால் “உம் புருசனப் பேசச் சொல்லு” என்று நடுவில் ஒருவர் எழுந்து கத்துகிற அவையை வள்ளுவர் கண்டிருக்க வாய்ப்பில்லை. அந்த அவையில் பேசவேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. அவள் கேட்டது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒன்று. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பது அன்றிரவு அவளோடு உட்கார்ந்து எழுதியபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

மேடையில் பெண்ணுக்கு எதிராக எழும் குரலைப் பற்றி நம்மிடம் இருக்கும் வரலாறு பெரும்பாலும் ‘பதிலடி’களின் வரலாறு. அதில் மிகப் பிரபலமானது முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றியது. தேவதாசி முறை ஒழிப்பைச் சத்தியமூர்த்தி எதிர்த்தபோது, ‘எங்கள் குலப்பெண்கள் இத்தனை நாள் செய்தது போதும், இனி உங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பொட்டுக்கட்டுங்கள்’ என்ற பொருளில் அவர் கேட்டதாகவும், சபையே வாயடைத்துப் போனதாகவும் சொல்வார்கள். இந்தக் கதை ஒரே வடிவில் கிடைப்பதில்லை. சிலர் இதை முத்துலட்சுமியின் வாயில் வைக்கிறார்கள். சிலர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் சொல்லிக்கொடுத்த பதில் என்கிறார்கள். மேடைக்கு மேடை சொற்களும் மாறுகின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்தப் பதிலடியில் அடி யார் மேல் விழுகிறது? சத்தியமூர்த்தி மேல் அல்ல. அவர் வீட்டில் இருந்த, அந்த விவாதத்தில் ஒரு சொல்கூடப் பேசாத பெண்கள் மேல். இரண்டு தரப்பு சண்டை போட, இருபுறமும் பெண்ணுடலைப் பணயம் வைக்கும் தெருச்சண்டையின் இலக்கணம் அது. நாம் கைதட்டிக் கொண்டாடிய வரியின் அமைப்பே இப்படி இருக்கிறது.

முத்துலட்சுமி உண்மையில் என்ன செய்தார் என்பது இதைவிடச் சுவாரசியம் குறைந்தது. ஆனால் கற்றுக்கொள்ளத் தக்கது. 1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் உறுப்பினர் அவர். 1927 நவம்பரில் தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எதிர்ப்புகள் எங்கிருந்து வரும் என்பது அவருக்குத் தெரியும். மதத்தில் தலையிடுவதா என்பார்கள். கலை அழிந்துவிடும் என்பார்கள். தேவதாசிகளின் சங்கத்தாரே இதை எதிர்க்கிறார்கள் என்பார்கள். அது நடந்தும் இருந்தது. கோயில் மானிய நிலத்தை நம்பி வாழும் பெண்கள் நாளைக்கு எப்படிச் சாப்பிடுவார்கள் என்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பேச்சில் மட்டும் பதில் சொன்னால் போதாது. மேடையில் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் வயிறு காயும் என்ற வாதம் அப்படியே நிற்கும். ஆகவே பதிலைச் சட்டத்துக்குள்ளேயே எழுதினார். 1929ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டமாக வந்த அறநிலையத் திருத்தம், கோயில் பணியிலிருந்து அந்தப் பெண்களை விடுவித்தது. மானிய நிலத்தை அவர்களுக்கே உரிமையாக்கியது. குறுக்குக் கேள்வி எழுவதற்கு முன்பே, அதற்கான விடை மசோதாவின் வாசகமாக மேசையில் இருந்தது. 1930இல் தன் சட்டமன்ற அனுபவங்களை ஒரு புத்தகமாகவும் வெளியிட்டார். ஆனால் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது நிலத்தை அல்ல, பதிலடியைத்தான்.

திட்டமிட்டு எழுதிய பதில்களுக்கு இன்னும் நேரடியான ஒரு வரலாறு, அதே காலத்தை ஒட்டி வேறு நாடுகளில் இருக்கிறது. இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்ட பெண்கள் சந்தையிலும் பூங்காவிலும் மரப்பெட்டி மேல் ஏறி நின்று பேசினார்கள். “வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்” என்பது அவர்கள் அன்றாடம் கேட்ட கூச்சல். பெண்கள் சமூக அரசியல் சங்கம் தன் பேச்சாளர்களுக்கு வகுப்புகள் நடத்தியது. ரோசா லியோ என்ற குரல் பயிற்சியாளர் அவற்றை நடத்தினார். அமெரிக்காவில் ஆலிஸ் ஸ்டோன் பிளாக்வெல் எழுதிய ஒரு சிறு பிரசுரம், எதிர்ப்புகளுக்கு விடை என்ற பொருள்படும் தலைப்போடு வந்தது. பெண்களே வாக்குரிமை கேட்கவில்லையே, படிக்காதவர்களின் வாக்கு இரட்டிப்பாகுமே, கெட்ட பெண்களும் வாக்களிப்பார்களே என்று வழக்கமான எதிர்ப்புகளை ஒவ்வொன்றாகத் தலைப்பிட்டு, கீழே விடை எழுதியிருந்தார். மேடை ஏறும் பெண் அதைப் படித்துவிட்டு ஏறலாம்.

அங்கேயும் ஊர் நினைவில் நின்றது பதிலடிதான். மேரி காத்தார்ப் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு முட்டைக்கோசை வீசினார்களாம். பேச்சு முடிவதற்குள் யாராவது ஒருவர் தலையைத் தொலைத்துவிடுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன் என்றாராம் அவர். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் திண்ணையில் இருந்தவளிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “அவன் யாரோ எவனோ. நாளைக்கு அவன் மொகத்துல முழிக்க வேண்டியதில்ல. எனக்குக் கத்துறது எங்க வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன்.”

இந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் பள்ளத்தாக்கின் முழுப் பிரச்சினையும் இருந்தது. லண்டன் பூங்காவில் கத்துகிறவன் அந்நியன். அவனை ஊர் சிரிக்க வைத்துவிட்டு அவள் ரயிலேறிப் போய்விடலாம். கிராமசபையில் கத்துகிறவர் கொழுந்தனார், மாமா, பங்காளி, தோட்டத்து முதலாளி. அவரை மைக்கில் மட்டம் தட்டினால் கூலி அன்றே நிற்கலாம். வீட்டில் அடி விழலாம். அவர் தோற்ற இடத்தைத் திரும்பப் பிடிக்க அடுத்த கூட்டத்துக்கு நாலு பேரைக் கூட்டி வரலாம். ஆக, எங்களுக்குத் தேவை பதிலடி அல்ல. அவர் மரியாதையோடு உட்காரவும், அவள் பேச்சு அறுந்த இடத்திலிருந்து தொடரவும் வழிவிடும் இரண்டு வரி. இதைத்தான் அன்றிரவு எழுத முயன்றோம்.

முதலில் ஆகஸ்ட் 15 கிராமசபையில் நடந்ததை அவள் நோட்டில் எழுதச் சொன்னேன். யார், என்ன சொன்னார் என்பதோடு, அவளுடைய எந்த வாக்கியத்தின் போது சொன்னார் என்பதையும். அவள் பேச எழுந்த விஷயம் இதுதான்: பெண்கள் சுகாதார வளாகத்தில் மோட்டார் பழுதாகித் தண்ணீர் இல்லை, கதவு பூட்டிக் கிடக்கிறது, பெண்கள் விடியுமுன் ஓடைக்கரைக்குப் போகிறார்கள்.

எழுதி முடித்ததும் ஒரு ஒழுங்கு தெரிந்தது. அவள் எழுந்து வணக்கம் சொன்னதுமே முதல் குரல்: “ஏத்தா, உம் புருசன் எங்க? அவனப் பேசச் சொல்லு.” பழுதுபார்க்க ஒதுக்கிய பணம் என்று ஆரம்பித்ததும் இரண்டாவது குரல்: “அந்தக் காசு யார் வீட்டுக்குப் போச்சுன்னு கேளுங்கப்பா.” ஓடைக்கரை என்றதும் பின்வரிசையில் சிரிப்பு, விசில். கடைசியாக அவள் நடத்தையைப் பற்றி ஒரு சொல். அவளுக்கு அது முழுக்கவும் ஒரே இரைச்சலாக நினைவிருந்தது. தாளில் பார்த்தபோது, பேசும் உரிமை, பணம், உடம்பு என்ற மூன்று இடங்களில் மட்டுமே குரல் எழுந்திருக்கிறது. அடுத்த முறையும் அதே இடங்களில்தான் எழும். எங்கே கல் இருக்கிறது என்று தெரிந்தால் வண்டியை மெதுவாக ஓட்டலாம்.

ஆகஸ்டில் அவள் என்ன பதில் சொன்னாள் என்றும் எழுதினோம். “கேக்குறதுக்கு நீங்க யாரு?” என்றிருக்கிறாள். நம் மொழியில் கோபம் பெரும்பாலும் கேள்வியாகத்தான் வரும். நீ யாரு, உனக்கென்ன, என்ன தெரியும் உனக்கு. கேள்வி கேட்டால் மறுவாய்ப்பு எதிராளிக்குப் போகிறது. அவர் தான் யாரென்று சொல்ல ஆரம்பித்தார். தாத்தா காலத்துக் கதைவரை சொன்னார். ஐந்து நிமிடம் முடிந்தது. அதிலிருந்து எங்கள் முதல் விதி கிடைத்தது: பதிலில் கேள்வி இருக்கக்கூடாது. இரண்டாவது, அவர் வீட்டைப் பற்றியோ வீட்டுப் பெண்களைப் பற்றியோ ஒரு சொல் வரக்கூடாது. மூன்றாவது, ஒரு மூச்சில் சொல்லி முடிக்கும் நீளம்தான் இருக்கவேண்டும். நான்காவது, பதிலின் கடைசிச் சொல் மோட்டாரில் போய் முடியவேண்டும். அதாவது பதில் என்பது அறுந்த வாக்கியத்துக்குத் திரும்பும் படி, அங்கே நின்றுவிடக்கூடாது.

நான் முதலில் எழுதிக்கொடுத்தவை எல்லாம் தோற்றன. “தயவுசெய்து குறுக்கிடாமல் என் கருத்தை முழுமையாகக் கேட்குமாறு வேண்டுகிறேன்” என்று எழுதியிருந்தேன். அவள் வாய்விட்டுப் படித்ததும் என் அத்தை அடுக்களையிலிருந்து சிரித்தாள். வானொலிச் செய்தி மாதிரி இருந்தது. அது அவள் வாய்மொழி அல்ல என்பது ஊருக்குத் தெரிந்தால், ‘யாரோ எழுதிக் குடுத்ததப் படிக்கிறா’ என்பதே அடுத்த கூச்சலாகும். பிறகு பேனாவை அவளிடம் கொடுத்தேன். அவள் சொன்னதை அவளே எழுதினாள்.

உரிமையைக் கேட்கும் குரலுக்கு: “இருக்கட்டும் மாமா, ஓட்டுப் போட்டு என்னையத்தான் அனுப்பியிருக்காங்க, நானே சொல்லிர்றேன். நான் சொல்ல வந்தது மோட்டாரப் பத்தி.” முறை சொல்லி அழைப்பது பணிவு அல்ல என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். மாமா என்ற ஒரு சொல்லால், எதிரியாக எழுந்தவரை அவள் உறவாக்கி உட்காரவைக்கிறாள். கூட்டத்துக்கும் அது கேட்கிறது. மாமா என்றவளிடம் மறுபடி கத்தினால் சிறுமைப்படுவது அவர்.

பணத்தைப் பற்றிய குரலுக்கு: “கணக்கு கையில இருக்குண்ணே, பேசி முடிச்சதும் உங்களுக்கே தாரேன். இப்ப மோட்டார் ஓடல, அதுதான் சங்கதி.” இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கணக்கு உண்மையிலேயே கையில் இருக்கவேண்டும். முத்துலட்சுமியின் மசோதா சொல்லித்தருவது அதைத்தான்: சில எதிர்ப்புகளுக்குச் சொல்லால் பதில் கிடையாது, தாள்தான் பதில். மறுநாள் அவள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், சுகாதார வளாகத்துக்கான செலவை ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி வந்தாள். கிடைக்காமல் போயிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, ‘கணக்கக் கேட்டு மனுக் குடுத்திருக்கேன்’ என்று மாற்றியிருப்போம்.

சிரிப்புக்கும் விசிலுக்கும் சொல்லே வேண்டாம் என்று முடிவு செய்தோம். மைக்கை முகவாய்க்குக் கீழே இறக்கிவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணுவது. பிறகு குரலை உயர்த்தாமல், கொஞ்சம் தாழ்த்தி, அறுந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்வது. இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றினால் கீச்சென்று ஒலிக்கும். ‘கத்துறா’ என்று சொல்ல அவர்களுக்கு வசதி. அமைதியாக நின்றால், இரைச்சல் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நடத்தையைப் பற்றிய சொல்லுக்குத்தான் அதிக நேரம் ஆனது. அவள் மறுத்துப் பேச விரும்பினாள். நியாயம்தான். ஆனால் மறுத்தால் அந்த நிமிடத்திலிருந்து சபையின் பொருள் மோட்டார் அல்ல, அவள். அதனால் அந்தச் சொல்லுக்கும், எந்தக் குரலும் மூன்றாம் முறை எழுந்தாலும், சொன்னவரைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்துப் பேசுவது என்று வைத்தோம்.

இதற்கு முன்னோடி ஒன்று நினைவுக்கு வந்தது. கிராமசபை கூடுவது காந்தி பிறந்தநாளில் என்பதால் அவளிடமும் சொன்னேன். 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழக விழாவில் காந்தி பேசிக்கொண்டிருந்தார். மேடையில் நகைகளோடு அமர்ந்திருந்த சமஸ்தான அரசர்களைக் கண்டித்தார். வெடிகுண்டு வீசும் இளைஞர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மேடையில் இருந்த அன்னி பெசன்ட் போதும் நிறுத்துங்கள் என்று குறுக்கிட்டார். காந்தி அவரோடு வாதிடவில்லை. தலைமை வகித்த தர்பங்கா மகாராஜாவைப் பார்த்து, என் பேச்சு நாட்டுக்குப் பயன்படாது என்று நீங்கள் கருதினால் நிறுத்திக்கொள்கிறேன், உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன் என்ற பொருளில் சொன்னார். பேசுங்கள் என்று கூட்டத்திலிருந்து குரல்கள் எழுந்தன. நோக்கத்தை விளக்குமாறு தலைவர் சொன்னார். காந்தி தொடர்ந்தார். குறுக்கிட்டவருக்கும் பேசுபவருக்கும் நடக்கவிருந்த சண்டையை, தலைவர் முடிவெடுக்க வேண்டிய ஒரு கேள்வியாக அவர் மாற்றினார். அந்த உத்திக்கு எல்லையும் அன்றே தெரிந்தது: சிறிது நேரத்தில் மேடையில் இருந்தவர்கள் எழுந்து போக, தலைவரும் போய்விட, கூட்டம் பாதியில் கலைந்தது. தலைவர் எழுந்து போய்விட்டால் தலைவரைப் பார்த்துப் பேசும் வரி செல்லாக்காசு.

அதனால் அவள் வரியில் ஒரு வாலைச் சேர்த்தோம். “தலைவர் அவர்களே, நான் பேசட்டுமா, உக்காரட்டுமா, நீங்க சொல்லுங்க. எதச் சொன்னாலும் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க.” பதிலில் கேள்வி கூடாது என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு, ஏனென்றால் பதில் சொல்லும் கடமை தலைவருக்கு இருக்கிறது. புத்தகத்தில் ஏறும் என்ற நினைப்பு, தலைவரை நாற்காலியில் கொஞ்சம் அழுத்தமாக உட்காரவைக்கும்.

முதலில் பதினொரு பதில்கள் எழுதியிருந்தோம். ஒத்திகையில் என் அத்தை கத்துகிறவராக நின்றாள். அவ்வளவு நன்றாகக் கத்துவாள் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. இரண்டாவது குரலிலேயே எந்தப் பதில் எதற்கு என்று அவளுக்குக் குழம்பியது. நான்காகக் குறைத்தோம். ரேஷன் அட்டை அளவில் ஒரு தாளை வெட்டி, பெரிய எழுத்தில் எழுதினாள். ஒரே குரல் மறுபடி வந்தால் அதே பதிலை அதே சொற்களில் சொல்வது என்றும் பேசிக்கொண்டோம். புதுச் சொல் தேடும்போதுதான் கோபம் நுழைகிறது.

அக்டோபர் 2 அன்று நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். அவள் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை. முதல் குரல் வந்தது. மாமா என்றாள். அவர் ஏதோ முனகிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பணத்துக்கு வந்த குரலிடம் கணக்குத் தாளைத் தூக்கிக் காட்டினாள். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. சிரிப்பு எழுந்தபோது ஐந்து எண்ணவேண்டியவள் இரண்டிலேயே தொடங்கிவிட்டாள். பரவாயில்லை.

பிறகு, நாங்கள் எழுதாத ஒன்று நடந்தது. காலனிப் பக்கம் நின்றிருந்த வயதான ஒரு அம்மா உரக்கக் கத்தினார்: “ஒங்க தெரு மோட்டாருக்கு இம்புட்டுப் பேசுறியே, எங்க பக்கத்துக்குக் கக்கூசே இல்லையே, அத யாரு பேசுறது?” அவள் கண் சட்டென்று தாளுக்குப் போனதை நான் பார்த்தேன். அந்தத் தாளில் எந்த வரியை எடுத்து வாசித்திருந்தாலும் அது அந்த அம்மாவை உட்காரவைத்திருக்கும். அமைதியாக, மரியாதையாக, முறை சொல்லி உட்காரவைத்திருக்கும்.

மான்செஸ்டர் சுதந்திர வணிக மண்டபத்தில் 1905 அக்டோபர் 13 அன்று கூட்டத்தில் எழுந்து நின்றவர்கள் அன்னி கென்னியும் கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்டும். லிபரல் அரசு பெண்களுக்கு வாக்குரிமை தருமா என்று கேட்டார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்த தாளுக்கும் மேடையிலிருந்து பதில் வரவில்லை. மறுபடி கேட்டதும் இழுத்து வெளியே தள்ளப்பட்டார்கள். மேடையில் இருந்த ஆண்களுக்கு அந்தப் பெண்கள் கூச்சல்காரர்கள்தான். அவர்களும் மிக அமைதியாகத்தான் அமர்ந்திருந்தார்கள். குறுக்கிடுவதெல்லாம் இடைஞ்சல் அல்ல; வேறு வாசல் அடைபட்டவர்களுக்கு அதுவே வாசல். பேச்சை அறுக்க வரும் குரலையும் பதிலுக்கு வரும் குரலையும் ஓசையை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டும் உரக்கத்தான் இருக்கும். ஒரு அடையாளம்தான் உண்டு: பதில் கிடைத்தால் அடங்கும் குரல் கேள்வி, எந்தப் பதிலுக்கும் அடங்காதது, நீ பேசியதற்காகவே எழுந்த குரல்.

அவள் தாளை மடித்தாள். “சரியாத்தான் கேட்டீங்க ஆத்தா. நான் எழுதிட்டு வந்ததுல அது இல்ல. தீர்மானத்துல ரெண்டாவதா அதையும் சேக்கச் சொல்றேன்” என்றாள். சேர்த்தார்கள். எழுதிவைத்த நான்கையும்விட அன்று நல்ல பதில் அதுதான். மற்ற நான்கும் அவள் கையில் இருந்ததால்தான் அதைச் சொல்லும் நிதானம் அவளுக்கு இருந்தது என்றும் நினைக்கிறேன்.

இந்தத் தாளால் ஆகாதவற்றையும் சொல்லவேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடையில் இருந்தபோது எதிரி ஒருவன் அவர் கூந்தலை அறுத்தான் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அதற்குப் பிறகு அவர் முடியைக் கத்தரித்துக்கொண்டு அப்படியே மேடைகளுக்குப் போனார். 2011இல் திருநெல்வேலி தாழையூத்து ஊராட்சியின் தலித் பெண் தலைவர் கிருஷ்ணவேணி கொடூரமாக வெட்டப்பட்டார். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட அவர் எடுத்த முயற்சிக்கு எதிர்ப்பு இருந்தது. உயிர் பிழைத்தார். நாங்கள் திண்ணையில் எழுதிய பொருளும் பெண்கள் கழிப்பறைதான் என்பதை நினைக்கும்போது இப்போதும் உடம்பு குளிர்கிறது. குரல் கையாக மாறும் இடத்தில் பதில் வரி கிடையாது. அங்கே எழுதிவைக்கவேண்டியது வேறு: யாரோடு சேர்ந்து வீட்டுக்குத் திரும்புவது, யார் சாட்சி, சொன்ன சொல்லையும் சொன்னவரையும் அன்றே யார் எழுதிவைப்பது. அவள் தாளின் பின்பக்கத்தில் அதையும் எழுதியிருந்தோம். அன்று மூன்று பெண்கள் அவளோடு நடந்து போனார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏன் அவள் அமைதியாக இருக்கவேண்டும் என்று என் மாணவிகள் கேட்கிறார்கள். கத்தியவர்களை யாரும் ஒத்திகை பார்க்கச் சொல்லவில்லையே. நியாயமான கேள்வி. அவளுடைய கோபம் சரியானது. விடியுமுன் ஓடைக்கரைக்குப் போகிறவள் அவள். அமைதியை நான் நற்குணமாகச் சொல்லவில்லை. அது அந்த ஐந்து நிமிடத்துக்கு அவள் கொடுத்த விலை. அதை இயல்பான பொறுமை என்று யாரும் பாராட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான், எத்தனை ராத்திரி எழுதி, எத்தனை வரி அடித்துக் கிடைத்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காலனிக்கான கழிப்பறை தீர்மானப் புத்தகத்திலேயே இருந்தது. நோட்டில் அவள் புதிய பக்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தாள். அதில் அந்தக் காலனி அம்மாவின் கேள்வி, அவர் சொன்ன சொற்களிலேயே, முதல் வரியாக இருந்தது.